கிளைச் சரக்குக் கணக்கில் குறையும் 44,000 ரூபாய்

எங்கள் மெயின் கடை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில், கிளை திருவொற்றியூரில். ரெடிமேட் துணி வியாபாரம். அடக்கத்தின் மேல் 25% ஏற்றி, விற்கிற விலையிலேயே கிளைக்குச் சரக்கு போடுகிறோம். 2023-24 கணக்கு (எல்லாம் விற்பனை விலையில்): தொடக்க இருப்பு 1,50,000, அனுப்பியது 9,00,000, கிளை திருப்பி அனுப்பியது 30,000, ரொக்க விற்பனை 5,20,000, கடன் விற்பனை 2,80,000, வாடிக்கையாளர் திருப்பியது 10,000. கணக்குப்படி 2,30,000 இருப்பு வர வேண்டும். எண்ணினால் 1,86,000தான். குறையும் 44,000-இல் 25% லோடிங் 11,000 கழித்து, 33,000-ஐ நட்டம் என்று எழுதினேன். தொடக்க இருப்பின் காப்பு 30,000-உடன் அனுப்பியதன் லோடிங் 1,80,000 கூட்டி, திருப்பியதன் லோடிங் 6,000, இந்த 11,000, விற்காமல் நிற்கும் இறுதிச் சரக்கின் லோடிங்குக்கு ஒதுக்கும் காப்பு 46,500 ஆகியவற்றைக் கழித்தால் மொத்த லாபம் 1,46,500, நட்டம் போக 1,13,500. ஆடித் தள்ளுபடி 15,000 கொடுத்திருக்கிறார்கள். மிக்ஜாம் மழையில் 6,500-க்குத் துணி நனைந்து வீணானது. மார்ச் 30 சனிக்கிழமை ஏற்றிய 20,000 ரூபாய் லோடு திங்கள்தான் இறங்கியது. இதையெல்லாம் தனித்தனியாக எழுத வேண்டுமா? முதலாளி 44,000-க்கும் கிளை சூப்பர்வைசரைக் கேட்கிறார்.

தனித்தனியாகத்தான் எழுத வேண்டும். எழுதினால் மொத்த லாபம் 1,44,000, நட்டம் போக 1,38,800 என்று வரும். உங்கள் மொத்த லாபத்துக்கும் இதற்கும் 2,500தான் வித்தியாசம், ஆனால் கடைசித் தொகையில் 25,300 இடிக்கிறது. மொத்த லாபம் ஏறக்குறைய சரியாக வந்திருப்பது தற்செயல்தான். நாலைந்து தப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டிருக்கின்றன. அதைப் பார்த்து ‘கணக்கு சரிதான் போல’ என்று விட்டுவிட வாய்ப்பு அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் 25%

அடக்கத்தின் மேல் 25% என்றால், 400 ரூபாய் சட்டைக்கு 500 ரூபாய் டேக். லோடிங் 100. இந்த 100 என்பது 400-இல் 25%, ஆனால் 500-இல் 20%, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. கிளைச் சரக்குக் கணக்கில் இருக்கும் எந்தத் தொகையும் டேக் விலைதான். அதனால் அங்கிருந்து லோடிங்கைப் பிரிக்கும்போது எப்போதும் ஐந்தில் ஒன்றுதான் எடுக்க வேண்டும். எக்செல்லில் போடுவதாக இருந்தால் B2-இல் டேக் விலை இருக்கும்போது:

```
=B2*25/125
```

தலைமைக் கடையிலிருந்து அனுப்பிய 9,00,000-க்கு லோடிங் 1,80,000 என்றும், திரும்பி வந்த 30,000-க்கு 6,000 என்றும் நீங்கள் சரியாகவே எடுத்திருக்கிறீர்கள். அடக்கம், டேக் இரண்டும் அனுப்பும் பில்லிலேயே இருந்திருக்கும், கழித்துப் பார்த்து எழுதியிருப்பீர்கள். இறுதிச் சரக்குக்கு அப்படிப் பார்க்க பில் இல்லை. அங்கேதான் 1,86,000-இல் நேராக 25% போட்டு 46,500 என்று காப்பு எழுதிவிட்டீர்கள். அது 37,200 ஆக இருக்க வேண்டும். இந்த ஒரு இடத்தில் மட்டும் லாபம் 9,300 குறைந்துவிட்டது. இருப்புநிலைக் குறிப்பிலும் கிளைச் சரக்கு அதே அளவு குறைவாக நிற்கும். தவறை உடனே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: காப்பைக் கழித்த பின் வரும் தொகையை 1.25-ஆல் பெருக்கிப் பாருங்கள். 1,86,000 − 37,200 = 1,48,800. அதை 1.25-ஆல் பெருக்கினால் 1,86,000 திரும்ப வருகிறது. 46,500 கழித்தால் 1,39,500. அதைப் பெருக்கினால் 1,74,375தான் வரும், இடிக்கும்.

இந்தக் கணக்கு எதை அளக்கிறது

சரக்கு முறையில் கிளைச் சரக்குக் கணக்கு லாபம் காட்டும் கணக்கு இல்லை. சட்டைகளின் எண்ணிக்கையை ரூபாயில் எழுதி வைக்கும் ஏடு என்று அதை நினைத்துக்கொள்ளுங்கள். 500 ரூபாய் டேக் உள்ள சட்டை உள்ளே வந்தால் பற்றில் 500. அது வெளியே போனால், எந்த வழியில் போனாலும் சரி, வரவில் 500 ஏற வேண்டும். விற்றாலும், திருடு போனாலும், எலி கடித்தாலும் அதே 500. அப்போதுதான் மீதி நிற்கும் தொகையும் அலமாரியில் இருக்கும் சட்டைகளின் டேக் மொத்தமும் ஒத்துப்போகும். லாப நட்டமெல்லாம் பக்கத்தில் இருக்கும் சரிக்கட்டுக் கணக்கின் வேலை.

இப்போது உங்கள் 44,000-ஐப் பாருங்கள். பற்றில் 1,50,000 + 9,00,000 + 10,000 = 10,60,000. வரவில் 5,20,000 + 2,80,000 + 30,000 = 8,30,000. மீதி 2,30,000. கூட்டலில் தப்பு இல்லை. வரவில் ஏற வேண்டிய சில விஷயங்கள் ஏறவில்லை, அவ்வளவுதான். ஏறாததை எல்லாம் ‘குறைவு’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள். அந்த மூட்டைக்குள் மூன்று விதமான சரக்கு இருக்கிறது: இன்னும் கிளைக்கு வராதது, சரக்கே அல்லாதது, நிஜமாகவே போனது.

வராத 20,000

2024 மார்ச் 31 ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை சாயங்காலம் குட்டி யானையில் ஏற்றிய லோடு திங்கள் ஏப்ரல் 1 அன்று இறங்கியிருக்கிறது. தலைமைக் கடை மார்ச்சிலேயே ‘அனுப்பிய சரக்கு’ என்று எழுதிவிட்டது, 9,00,000-க்குள் இதுவும் அடக்கம். கிளை எண்ணியது மார்ச் 31 கணக்குக்கு, அதில் இது இருக்க வழியே இல்லை. எம்.சி. ரோட்டுக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில் எவ்வளவு தூரம், இதுக்கெல்லாம் வழிச்சரக்குக் கணக்கா என்று தோன்றும். தூரம் இங்கே பேச்சே இல்லை. வருட முடிவுத் தேதியின் இரண்டு பக்கமும் இரண்டு கை எழுதியிருந்தால் அது வழிச்சரக்குதான்.

இந்த 20,000 நட்டம் அல்ல, இறுதிச் சரக்கின் ஒரு பகுதி. வழிச்சரக்குக் கணக்குப் பற்று 20,000, கிளைச் சரக்குக் கணக்கு வரவு 20,000 என்று எழுதுங்கள். இதன் லோடிங் 4,000, அது இறுதிச் சரக்கின் காப்போடு சேரும். நீங்கள் இதை நட்டத்தில் தள்ளியதால், 16,000 ரூபாய் அடக்கமுள்ள நல்ல சரக்கு உங்கள் லாபத்திலிருந்து காணாமல் போனது. மேலே சொன்ன 9,300-ஐயும் இந்த 16,000-ஐயும் கூட்டிப் பாருங்கள்: 25,300. கடைசித் தொகையில் இடித்த வித்தியாசம் முழுவதும் இந்த இரண்டும்தான். மற்றவை எல்லாம் ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு இடம் மாறியவை.

மற்ற வருடங்களில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், தலைமைக் கடையின் மார்ச் கடைசி வார சலான் எண்களைக் கிளையின் சரக்கு வரவுப் பதிவேட்டோடு ஒவ்வொன்றாக டிக் அடித்துப் பாருங்கள். கிளை திருப்பி அனுப்பிய மூட்டைக்கும் இதே பிரச்சினை தலைகீழாக வரும். கிளை எழுதியிருக்கும், தலைமைக் கடை எழுதியிருக்காது.

சரக்கே அல்லாத 15,000

அதிகம் பேர் தடுக்கி விழுகிற இடம் இதுதான். 500 ரூபாய் டேக் சட்டையை ஆடியில் 450-க்குக் கொடுத்தார்கள். பில் 450, விற்பனை ஏட்டில் 450, கிளைச் சரக்குக் கணக்கு வரவிலும் 450தான் ஏறியிருக்கும். சட்டை கடையை விட்டுப் போய்விட்டது, ஏட்டில் மட்டும் 50 ரூபாய்க்குச் சரக்கு இருப்பதாகவே நிற்கிறது. ஆடி முழுக்க இப்படி ஐம்பதும் நூறுமாகச் சேர்ந்ததுதான் உங்கள் 15,000. எண்ணும்போது அந்த 15,000-க்குச் சரக்கு எங்கேயும் கிடைக்காது, ஏனென்றால் அது சரக்கே இல்லை, விட்டுக்கொடுத்த விலை.

அதனால் இதற்குப் பதிவு: கிளைச் சரிக்கட்டுக் கணக்குப் பற்று 15,000, கிளைச் சரக்குக் கணக்கு வரவு 15,000. முழுத் தொகை. ஐந்தில் ஒன்று என்று பிரிக்கக்கூடாது. ஏன் என்று அந்தச் சட்டையை வைத்தே பார்க்கலாம். அடக்கம் 400. 500-க்கு விற்றால் 100 லாபம், 450-க்கு விற்றால் 50 லாபம். குறைந்த 50-உம் லாபத்திலிருந்து குறைந்தது, அடக்கத்தில் ஒரு காசு கூடக் குறையவில்லை. அந்த 50-ஐ 40 அடக்கம், 10 லோடிங் என்று பிரித்தால், 40 ரூபாய்க்குத் துணி தொலைந்தது என்று எழுதியதாகிவிடும். துணி தொலையவில்லை, வாடிக்கையாளர் உடுத்திக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் 15,000-ஐக் குறைவில் சேர்த்ததால் 3,750 லோடிங்காகவும் 11,250 நட்டமாகவும் பிரிந்தது. கடைசி லாபம் இதனால் மாறாது. எந்தக் கட்டத்தில் கழித்தாலும் 15,000 கழிந்துதான் ஆக வேண்டும். ஆனால் மொத்த லாபம் 11,250 அதிகமாகத் தெரிகிறது, அதே தொகைக்கு சூப்பர்வைசர் துணியைத் தொலைத்ததாக ஏடு சொல்கிறது. முதலாளியின் ஆணைப்படி கொடுத்த தள்ளுபடிக்கு அவரைக் கேட்பது நியாயம் இல்லை.

இங்கே ஒரு நிபந்தனை: 15,000 என்பது பில்லில் தெரிய வேண்டும். பில்லில் டேக் விலை ஒரு வரி, தள்ளுபடி அடுத்த வரி என்று வந்தால் மாதா மாதம் கூட்டி எழுதிவிடலாம். கையால் 450 என்று மட்டும் எழுதும் பில் என்றால் ஆடி முடிந்த பிறகு யாராலும் பிரிக்க முடியாது. தள்ளுபடி என்ற பெயரில் திருட்டை மறைக்கவும் அதுவே வசதி.

தள்ளுபடியில் போன துணி திரும்பி வந்தால் கவனம் வேண்டும். 450-க்குக் கடனுக்கு வாங்கிய அதே சட்டையை ஒருவர் திருப்பினால், சட்டை 500 ரூபாய் டேக்கோடு அலமாரியில் ஏறுகிறது. கிளைச் சரக்குப் பற்று 500, கடனாளிகள் வரவு 450, சரிக்கட்டுக் கணக்கு வரவு 50 என்று எழுத வேண்டும். உங்கள் 10,000 திருப்பத்தில் ஆடிச் சரக்கு எதுவும் இல்லை என்று எடுத்துக்கொண்டுதான் கணக்குப் போட்டிருக்கிறேன், பில்களைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடனாளி சீக்கிரம் பணம் கட்டியதற்குக் கொடுக்கும் ரொக்கத் தள்ளுபடி வேறு சாதி. சட்டை 500-க்கே பில் ஆகிவிட்டது, சரக்குக் கணக்கு சரியாகவே இருக்கிறது. அது கடனாளிகள் கணக்கில் வரவாகி, கிளை இலாபநட்டக் கணக்குக்குப் போகும். வாராக்கடனுக்கும் இதே வழி.

நிஜமாகப் போன 9,000

மழையில் போன 6,500-ஐ முதலில் எடுப்போம். இது வியாபாரத்தில் வழக்கமாக நடக்கும் குறைவு அல்ல, அசாதாரண நட்டம். டேக் 6,500 என்றால் லோடிங் 1,300, அடக்கம் 5,200. விற்றிருந்தால் கிடைத்திருக்கும் 1,300 நம் கைக்கு வந்ததே இல்லை, அதை நட்டம் என்று சொல்ல முடியாது. ஏற்றி வைத்த லோடிங்கைத் திரும்ப இறக்குகிறோம், அவ்வளவே. எனவே 1,300 சரிக்கட்டுக் கணக்குப் பற்று, 5,200 கிளை இலாபநட்டக் கணக்குப் பற்று, கிளைச் சரக்கு வரவு 6,500. காப்பீட்டில் ஏதாவது வந்தாலோ, நனைந்த துணியை மூட்டையாகத் தள்ளிவிட்டுக் காசு வந்தாலோ, அது 5,200-இல் கழியும். காப்பீட்டுக்காரரிடம் டேக்கைக் காட்டிப் பயன் இல்லை, அவர்கள் பொதுவாக அடக்கத்தைத்தான் பார்ப்பார்கள்.

ஜி.எஸ்.டி. பக்கத்தில் பலர் விடுவது ஒன்று உண்டு. அழிந்த, தொலைந்த, எழுதித் தள்ளிய சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும், பிரிவு 17(5)(h). வரி 5% என்றால் 5,200-க்கு 260 ரூபாய். அதுவும் நட்டத்தோடு சேரும். கீழே வரும் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை, நீங்கள் தனி வரியாக எழுதுங்கள்.

இனி மீதி 2,500. 20,000 + 15,000 + 6,500 போக எந்தக் காரணமும் எழுதப்படாமல் நிற்பது இவ்வளவுதான். எட்டு லட்சம் விற்பனையில் நூற்றுக்கு முப்பது காசு கணக்கு. இதை வழக்கமான குறைவு என்று ஏற்றுக்கொண்டால், முழு 2,500-உம் சரிக்கட்டுக் கணக்குக்குப் போகும். லோடிங் 500 இறங்குகிறது, அடக்கம் 2,000-உம் மொத்த லாபத்துக்கு முன்பே கழிகிறது. வழக்கமான குறைவு என்பது சரக்கின் விலையோடு சேர்ந்த செலவு என்பதால் இப்படி. உங்கள் கடையில் குறைவுக்கு ஒரு வரம்பு வைத்திருந்து, 2,500 அதைத் தாண்டினால், தாண்டிய பகுதியை மட்டும் மழைத் துணி போலப் பிரித்து அடக்கத்தை இலாபநட்டக் கணக்குக்குத் தள்ளுங்கள். இந்தத் தொலைந்த துணிக்கும் மேலே சொன்ன வரித் திருப்பம் பொருந்தும்.

எண்ணிக்கை கூடுதலாக வந்தால் இதே பதிவுகள் தலைகீழ். டேக்குக்கு மேல் விற்றிருந்தால், மேலே கிடைத்தது முழுவதும் சரிக்கட்டுக் கணக்கில் வரவு.

கணக்கு முழுவதும்

கிளைச் சரக்குக் கணக்கு (டேக் விலையில்)

| பற்று | ரூ. | வரவு | ரூ. |
|---|---|---|---|
| தொடக்க இருப்பு | 1,50,000 | ரொக்க விற்பனை | 5,20,000 |
| அனுப்பிய சரக்கு | 9,00,000 | கடன் விற்பனை | 2,80,000 |
| வாடிக்கையாளர் திருப்பியது | 10,000 | தலைமைக் கடைக்குத் திருப்பியது | 30,000 |
| | | ஆடித் தள்ளுபடி | 15,000 |
| | | மழை நட்டம் | 6,500 |
| | | வழக்கமான குறைவு | 2,500 |
| | | வழிச்சரக்கு | 20,000 |
| | | இறுதி இருப்பு | 1,86,000 |
| | 10,60,000 | | 10,60,000 |

கிளைச் சரிக்கட்டுக் கணக்கு

| பற்று | ரூ. | வரவு | ரூ. |
|---|---|---|---|
| திருப்பியதன் லோடிங் | 6,000 | தொடக்கச் சரக்கிருப்புக் காப்பு | 30,000 |
| ஆடித் தள்ளுபடி | 15,000 | அனுப்பியதன் லோடிங் | 1,80,000 |
| மழை நட்டத்தின் லோடிங் | 1,300 | | |
| வழக்கமான குறைவு | 2,500 | | |
| இறுதிச் சரக்கிருப்புக் காப்பு | 41,200 | | |
| மொத்த லாபம் | 1,44,000 | | |
| | 2,10,000 | | 2,10,000 |

காப்பு 41,200 என்பது அலமாரியில் உள்ள 1,86,000-க்கு 37,200, வழிச்சரக்கு 20,000-க்கு 4,000. மொத்த லாபம் 1,44,000-இல் மழைத் துணியின் அடக்கம் 5,200 போனால் 1,38,800. இதிலிருந்துதான் வாடகை, சம்பளம், கரண்ட் பில் எல்லாம் கழிய வேண்டும்.

இந்த முறையை நம்ப மனம் வராவிட்டால் லோடிங்கை முழுக்க மறந்துவிட்டு அடக்க விலையில் ஒரு வியாபாரக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடா வருடம் இதைச் செய்வது நல்லது, பத்து நிமிட வேலை. தொடக்கம் 1,20,000, அனுப்பியது 7,20,000, கூட்டினால் 8,40,000. இதில் திருப்பியது 24,000, மழைத் துணி 5,200, இறுதிச் சரக்கும் வழிச்சரக்கும் சேர்ந்து 2,06,000-இன் அடக்கம் 1,64,800 ஆகியவற்றைக் கழித்தால் 6,46,000. விற்பனை 8,00,000-இல் திருப்பம் 10,000 போக 7,90,000. இரண்டுக்கும் வித்தியாசம் 1,44,000. ஒரு ரூபாய் கூட இடிக்கக்கூடாது. இடித்தால் தப்பு பெரும்பாலும் சரிக்கட்டுக் கணக்கில் ஏதோ ஒரு தொகையை முழுதாக எடுக்காமல் பிரித்ததில், அல்லது பிரிக்காமல் முழுதாக எடுத்ததில் இருக்கும்.

ஐந்தில் ஒன்று எங்கே பொய்க்கும்

துணிக்கடையில் சீசன் முடிந்ததும் டேக்கையே கிழித்துப் புது டேக் ஒட்டுவார்கள். ஆடித் தள்ளுபடியில் விற்றபோதுதான் விலை குறைந்தது, இங்கே விற்பதற்கு முன்பே குறைகிறது. 500 ரூபாய் டேக்கை 460 ஆக்கினால் அன்றைக்கே 40 ரூபாய்க்கு சரிக்கட்டுக் கணக்குப் பற்று, சரக்குக் கணக்கு வரவு எழுத வேண்டும். எழுதாமல் விட்டால், எண்ணும்போது புது டேக்கைக் கூட்டுவார்கள், ஏட்டில் பழைய டேக் நிற்கும், சட்டைக்கு 40 குறையும். எழுதினாலும் வருட முடிவில் இன்னொரு பள்ளம் இருக்கிறது: 460-இல் ஐந்தில் ஒன்று 92, ஆனால் நிஜ லோடிங் 60தான், ஏனென்றால் அடக்கம் இன்னும் 400. மாற்று டேக் ஒட்டிய சரக்கைத் தனியாக எண்ணி, அடக்கத்தைக் கழித்துக் காப்பு எடுக்க வேண்டும். அடக்கத்துக்கும் கீழே, 380 என்று ஒட்டியிருந்தால் அதற்குக் காப்பே கிடையாது. அந்தச் சரக்கு இருப்புநிலைக் குறிப்பில் 380-க்கு மேல் நிற்கக்கூடாது.

லோடிங் விகிதம் மாறிய வருடமும் இப்படித்தான். போன வருடம் அடக்கத்தின் மேல் 20% ஏற்றியிருந்தால், அந்தச் சரக்கின் டேக்கில் ஆறில் ஒரு பங்குதான் லோடிங். 1,50,000 தொடக்க இருப்புக்குக் காப்பு 25,000 வரும், 30,000 வராது. அலமாரியில் இன்னும் கிடக்கும் பழைய சரக்குக்கும் அதே பழைய விகிதம். உங்கள் போன வருட இருப்புநிலைக் குறிப்பில் காப்பு 30,000 என்றுதான் நிற்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, டேக்கில் ஜி.எஸ்.டி. சேர்ந்திருப்பது. சில்லறைக் கடையில் டேக் வரி உட்பட இருக்கும். 500 விலை, 5% வரி, டேக் 525. கிளைக்குச் சரக்கு அனுப்பும்போது 525 என்று பற்று எழுதி, விற்கும்போது வரியைப் பிரித்து 500 மட்டும் வரவு எழுதினால், விற்கிற ஒவ்வொரு சட்டைக்கும் 25 ரூபாய் காணாமல் போகும். இந்தத் தப்பை அடையாளம் காண்பது சுலபம்: குறைவு விற்பனையோடு சேர்ந்து சீராக ஏறும், ஒரு மாதம் கூட விடாமல், விற்பனையில் 5% அளவிலேயே நிற்கும். திருட்டு இவ்வளவு ஒழுங்காக நடக்காது. சரக்குக் கணக்கில் இரண்டு பக்கமும் வரி இல்லாத விலையே இருக்கட்டும். தலைமைக் கடையும் கிளையும் தமிழ்நாட்டில் ஒரே பதிவு எண்ணில் இருந்தால் இந்த அனுப்புதலுக்கு வரியும் கிடையாது, டெலிவரி சலானில் போகும். கிளைக் கணக்குப் புத்தகங்களில் ‘இன்வாய்ஸ் விலை’ என்று சொல்வது உள்கணக்கு விலையை மட்டும்தான், வரி இன்வாய்ஸ் இல்லை.

இனி செய்ய வேண்டியது

வருடக் கணக்கு இன்னும் மூடவில்லை என்றால், 33,000 நட்டப் பதிவையும் 11,000 லோடிங் பதிவையும் முழுசாக ரத்து செய்துவிட்டு மேலே உள்ளபடி நான்கு பதிவுகளாக எழுதுங்கள். அதன்மேலேயே ஒட்டுப் போட்டால் அடுத்த ஆடிட்டுக்கு உங்களுக்கே புரியாது. காப்பு 46,500-ஐ 41,200 ஆக்குங்கள். இருப்புநிலைக் குறிப்பில் அலமாரிச் சரக்கும் வழிச்சரக்கும் சேர்ந்து 2,06,000, கழி காப்பு 41,200, நிகரம் 1,64,800 என்று காட்டுங்கள். இந்த 41,200தான் 2024-25 சரிக்கட்டுக் கணக்கில் முதல் வரவு.

ஏப்ரல் 1 தேதியில் வழிச்சரக்குக் கணக்கு வரவு 20,000, கிளைச் சரக்குக் கணக்குப் பற்று 20,000 என்று மாற்றிவிடுங்கள். கிளையின் ஏப்ரல் வரவுப் பதிவேட்டில் அந்த லோடு இருக்கும். அதைப் பார்த்து யாராவது ‘அனுப்பிய சரக்கு’ என்று இன்னொரு முறை எழுதிவிட்டால், அடுத்த மார்ச்சில் இதே 20,000 இல்லாத சரக்குக்குக் குறைவாக வந்து நிற்கும்.

சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டிய தொகை டேக் விலையில் 2,500, அடக்கத்தில் 2,000. மழைத் துணிக்கு, எந்தத் தேதியில் எத்தனை உருப்படி நனைந்தது என்று கிளையில் எழுதிய பட்டியல் ஒன்று இருந்தால் அதை வவுச்சரோடு சேர்த்து வையுங்கள். இல்லாவிட்டால் இப்போதே எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.